நான் வரையாத என் படம்

அந்தப் போஸ்டரைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னது ஒரு போன்தான். பள்ளி இடைவேளையில், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கூப்பிட்டார். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பவர், அன்று நேராகக் கேட்டார்.

"என்னை எதுக்கு தங்கச்சி அதுல போட்டீங்க?"

எதில் என்று எனக்குப் புரியவில்லை. அவர் போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மகள் ஒரு புகைப்படம் அனுப்பினாள். கோயில் சுவரில் ஒட்டிய போஸ்டர். "நாங்கள் கையெழுத்து வைத்துவிட்டோம். நீங்கள்?" என்ற எழுத்துக்குக் கீழே, நீலப் பேனாவால் வரைந்ததுபோல, முதுகில் கூடையோடு ஒரு பெண். பார்த்த எவரும் நான் வரைந்தது என்றுதான் சொல்வார்கள். நானே ஒரு நிமிடம் எப்போது வரைந்தேன் என்று யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றும் எரிச்சல் வருகிறது.

நான் பதுளையில் சித்திர ஆசிரியை. பிறந்தது பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில். ஆறு வருடமாகக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்து முகநூலில் போடுகிறேன். எல்லாப் படமும் பின்பக்கம் மட்டும். அது கலைநயத்துக்காக இல்லை. "மொகத்த போடாதீங்க, தொரைமாரு பாப்பாங்க" என்று பெண்கள் கேட்டுக்கொண்டார்கள், நானும் சரி என்றேன். பெரும்பாலான படங்களில் இருப்பவர் அந்த அக்காதான். தலையில் மாட்டிய கூடைப் பாரம் இழுத்து இழுத்து அவருடைய இடது தோள் இறங்கியிருக்கும். மலையில் எல்லோருக்கும் அந்தத் தோளைத் தெரியும்.

அந்த நாட்களில் தோட்டத்தில் ஒரே பேச்சு, நாள் சம்பளத்தை நிறுத்திவிட்டுச் செடிகளைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துக் கொடுக்கும் திட்டம்தான். நிபந்தனையைத் தமிழில் எழுதிக் கொடுக்காமல் கையெழுத்து வைக்கமாட்டோம் என்று பெண்கள் நின்றார்கள். முன்னால் நின்றவர் அக்கா. போஸ்டரை அடித்தது திட்டத்துக்கு ஆதரவான ஒரு நலன்புரிச் சங்கம். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் அக்கா பக்கத்தில் யாரும் நிற்கவில்லையாம். 'நம்மள நிறுத்திட்டு இவ போய் கையெழுத்து வச்சிட்டா' என்று அவர் காதுபடவே பேசியிருக்கிறார்கள்.

போஸ்டரின் அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது. அன்று பள்ளி விட்டதும் பதுளைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். கணினியில் இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும், எனக்குத் தெரிந்த மனிதர்தான், பள்ளி மலருக்கு அட்டை செய்து தருபவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"டீச்சர், நானே சொல்லணும்னு இருந்தேன். உங்க மாதிரியே வந்திருக்கில்ல?"

வெட்கமே இல்லை. பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். படம் செய்யும் ஏஐக்கு அவர் எழுதிய கட்டளையில் என் பெயர், அதோடு 'பாணியில்' என்ற சொல். முதல் தடவை பெயரை மட்டும் கொடுத்தாராம். அதற்கு என்னைத் தெரியவில்லை. தேயிலைப் பெட்டிமேல் சிரிக்கிற பெண்போல ஒருத்தியைத் தந்ததாம். விட்டாரா? முகநூலிலிருந்து என் படங்கள் ஐந்தை இறக்கி, அதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். ஐந்திலும் அக்கா. அதுவும் கொடுத்ததை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, கோட்டோடு தோளையும் எடுத்துக்கொண்டது. போதாக்குறைக்கு என் படத்தில் இல்லாத ஒரு கன்னத்தையும் திருப்பிப் புன்னகைக்க வைத்திருந்தது.

"உங்களுக்கு மரியாதைன்னுதான்..."

"என்னைக் கேட்டீங்களா?"

"எல்லாரும் அப்படித்தானே டீச்சர் போடுறாங்க."

கத்தினேன். கடையில் கல்யாணப் பத்திரிகை பார்க்க வந்திருந்தவர்கள் வெளியே போனார்கள். உயிரோடிருப்பவள் நான். இதே ஊரில், பத்து நிமிட நடையில் இருக்கிறேன். என் கை சொல்லாததை என் கையெழுத்தாலேயே சொல்லவைத்தது எப்படி மரியாதையாகும்?

கத்தும்போதே உள்ளே குத்தியது. போன வருடப் பள்ளிக் கண்காட்சிக்கு, சென்னையில் இருக்கும் ஒரு ஓவியரின் பெயரை இதே மாதிரி நானும் எழுதியிருக்கிறேன். அவர் கண்ணில் படாது என்ற தைரியம்தான், வேறென்ன. அதை அந்த மனிதரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

"சரி, பெயரை எடுத்துருங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றேன்.

"உங்க ஸ்டைல்."

"ஸ்டைல்னா?"

விழித்தார். நான் விரல் விட்டுச் சொன்னேன். நீலப் பேனா. தோளில் நெருக்கமாக, கீழே வரவரக் கலைந்துபோகும் குறுக்குக் கோடுகள். பின்பக்கம். மேலே பாதித் தாள் வெள்ளை. அவர் வேகமாகத் தட்டெழுத ஆரம்பித்தார். எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

"நிறுத்துங்க! அதை அப்படியே வரிசையா போட்டா பெயரை அழிச்ச திருட்டு, அவ்வளவுதான். உங்க வேலைக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. யாரு பாக்குறது? எவ்வளவு தூரத்துல இருந்து?"

யோசித்தார். ரோட்டிலிருந்து பார்க்கிறவர்கள். தூரத்திலிருந்தே எழுத்து தெரிய வேண்டும். தோட்ட வேலை என்று புரிய வேண்டும். அப்படியானால் மெல்லிய பேனாக் கோடு எதற்கு? பத்தடி தள்ளி நின்றால் அது வெறும் மங்கல். அதை அவரே சொன்னார். நிழல் கலக்காத மூன்று நிறங்கள், வெட்டி ஒட்டிய காகிதம்போலக் கூரிய ஓரம், கொழுந்தைப் பிடித்த இரண்டு கைகள் மட்டும் பெரிதாக, பக்கத்திலிருந்து விழும் காலை வெயில், எழுத்துக்கு மேலே காலியிடம். ஒவ்வொன்றாக எழுதினார். மாதிரிப் படம் எதுவும் கொடுக்கவில்லை. முதலில் வந்ததில் ஒரு கைக்கு ஆறு விரல். நிறத்தை மாற்றி, இலையைப் பெரிதாக்கி மூன்றாவது தடவையில் நல்ல படமே வந்தது. யாருடைய தோளும் அதில் இல்லை.

"இவ்வளவு லேசா டீச்சர்?"

ஆமாம், இவ்வளவு லேசு. அதுதான் எனக்கு ஆறவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று பத்து நிமிடம் யோசிக்கச் சோம்பல்பட்டு ஒருவர் பெயரைத் தட்டிவிட்டார். மலையில் ஒரு பெண் பெரட்டில் தனியாக நின்றார்.

அந்தப் படம் கணினி செய்தது, எந்தத் தொழிலாளியும் அதற்குச் சம்மதிக்கவில்லை என்று அச்சக முத்திரையோடு கடிதம் எழுதி வாங்கினேன். அவரையே சங்கத்துக்குப் போன் போட்டு, போஸ்டரைக் கிழிக்கச் சொல்லவும் வைத்தேன். சனிக்கிழமை காலை பெரட்டில் எல்லோர் முன்னாலும் கடிதத்தை வாசித்தேன். சில பெண்கள் அக்கா பக்கம் வந்து நின்றார்கள். சிலர் வரவில்லை.

பிறகு அக்கா இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"அப்ப நீங்க வரையல."

"இல்லக்கா. சத்தியமா நான் வரையல."

"சரி. ஆனா அது நாந்தானே?"

அவர் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தார்.

"உங்க மேல கோவம் இல்ல தங்கச்சி. போனுல இருக்குற எல்லாத்தையும் எடுத்துருங்க. இனிமே என்னைய வரையாதீங்க."

அவர் மலை ஏறும்வரை அங்கேயே நின்றேன். பிறகு ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஆறு வருடப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அந்த ஐந்து மட்டும் அச்சகக் கணினியில் இன்னும் இருக்கும்.