அனுப்பாத குரல்பதிவுகள்

கடைகளுக்கு விளம்பரப் போஸ்டர் வடிவமைப்பதைப் பல வருடம் தனியாளாகவே செய்தேன். வேலை கைமீறிப் போனதும் கே.கே. நகரில் ஒரு மாடி அறையைப் பிடித்து, ஆனையூரிலிருந்து ஒரு பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் நாள், வேலையை விளக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆடித் தள்ளுபடிப் போஸ்டருக்காக ஜவுளிக்கடைக்காரர் வாட்ஸப்பில் அனுப்பிய குரல்பதிவை அப்படியே அவளுக்குத் தள்ளிவிட்டேன். அவள் அதைச் சத்தமாகப் போட்டாள்.

"அம்மன் படத்து மேல எழுத்து விழக்கூடாதுன்னு எம்புட்டுத் தடவ சொல்றது? மூளைய அடகு வச்சுட்டியாடா?"

எனக்கு அது பழகிய பேச்சு. அவளோ என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். மாலையில் காட்டிய போஸ்டரில் அம்மன் படம் ஒரு மூலையிலும் தள்ளுபடி எழுத்து இன்னொரு மூலையிலும் ஒடுங்கிக் கிடந்தன.

"அண்ணே, என்னையும் இப்படித்தான் பேசுவாங்களா?"

"இல்லம்மா. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

அன்றிலிருந்து பதிவுகளை நானே ஹெட்போனில் கேட்கிறேன். யார் பார்க்கப்போகும் போஸ்டர், என்ன அளவு, எந்த வாசகம் மாறக்கூடாது, எப்போது வேண்டும் என்பதை மட்டும் அவளுக்கு எழுதி அனுப்புகிறேன். அவள் வேலை அழகாக வருகிறது. நான் ஒரு போஸ்டர் செய்து மாதங்களாகிவிட்டன. நிறுவனம் தொடங்கியவனுக்கு ஏச்சு கேட்பதே முழுநேர வேலை.

நேற்று கிளம்பும்போது சொன்னாள். "நம்ம கஸ்டமரெல்லாம் தங்கமான ஆளுங்கண்ணே. நாந்தான் மொத நாளு சும்மா பயந்துட்டேன். போயிட்டு வாரேன்."

"ஆமாம்மா" என்றேன். என் ஒரு காதில் ஜவுளிக்கடைக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.