சென்னிமலை டிரைவர், இரண்டு முறை

நாமக்கல் லாரி ஆபீசில் தனப்பிரியா ஏழு வருடமாக வேலை பார்க்கிறாள். வண்டி எங்கே நிற்கிறது, லோடு இறங்கியதா, யார் எதற்குக் கத்துகிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அன்று ஓனர் தீனதயாளனுக்குக் கண் ஆபரேஷன். ஃபோனைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அவர் மகன் நந்தகுமார் மிஸ்டு கால் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆபீஸ் வாட்ஸாப்புக்கு அனுப்பினான். கூடவே ஒரு வாய்ஸ்: "யாருக்கு மொதல்ல கூப்பிடணுமோ நீங்களே பாத்துக் கூப்பிடுங்கக்கா."

படத்தின் உச்சியில் புரோக்கர் மோகன்குமார், அடைப்புக்குறிக்குள் ஐந்து. அவருக்கு வேறென்ன வேலை! அதற்குக் கீழே பார்த்தவள் படத்தைப் பெரிதாக்கினாள்.

சென்னிமலை டிரைவர். பத்தேகால்.

சென்னிமலை செத்துப் பத்து மாதம் ஆகிறது. வண்டி கவிழ்ந்த செய்தியை அவர் மனைவி மயிலம்மாளிடம் போய்ச் சொன்னதே தனப்பிரியாதான். அந்தப் பெயரை ஓனரும் அழிக்கவில்லை, அவளும் அழிக்கவில்லை. யாருக்குத்தான் மனசு வரும்?

அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடைசியில் தள்ளுவதற்கு ஆபீஸ் வழக்கமும் இடம் கொடுத்தது. டிரைவர் ஒரு ரிங் விட்டு வைத்தால் வண்டி சேர்ந்துவிட்டது, திருப்பிக் கூப்பிட வேண்டாம். கொஞ்ச நேரம் விட்டு இரண்டாவது ரிங் வந்தால் சிக்கல், எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுக் கூப்பிட வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவரே சென்னிமலைதான்.

ஆள்வாரியாக ஒரு தாளில் எழுத ஆரம்பித்தாள். ஒருவர் தொடர்ந்து அடித்தால் ஃபோன் ஒரே வரியாகச் சேர்த்து, கடைசி அழைப்பின் நேரத்தைத்தான் காட்டும். நடுவில் இன்னொருவர் புகுந்துவிட்டால் அதே பெயர் வேறு வரிக்குப் போய்விடும். மோகன்குமார் கீழே மறுபடி நான்கு முறை, ஆக ஒன்பது. டயர்க்கடை ஒன்று. பெருந்துறைக்கு லோடு ஏற்றிப் போன சின்னான் ஒன்று. அடிவரியில், படம் முடியும் இடத்தில், ஒன்பதரைக்கு மறுபடியும் சென்னிமலை டிரைவர்.

இரண்டு. நடுவில் முக்கால் மணி நேரம்.

"ஐயோ கடவுளே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பயம் பயமாகவே இருக்க, கை தானாக அந்த நம்பரை அழுத்தியது. நெடுநேரம் அடித்தது. எடுத்த பக்கம் மூச்சு மட்டும் இரைந்தது.

"யாருங்க?" என்றாள் தனப்பிரியா.

"சாமி... நாந்தே மயிலா."

உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. "அக்கா! என்னாச்சுங்கக்கா?"

"காலையில இருந்து நெஞ்சு அடைக்குது கண்ணு. வாய்வுன்னு நெனச்சே. இப்ப எந்திரிக்கவே முடியில. ஊட்டுல ஆருமில்ல, அல்லாரும் கோயில் நோம்பிக்குப் போயிட்டாங்க. எனக்கு எழுத்தா தெரியும்? அவரு ஃபோனுல ரெண்டாம் பட்டனை அமுக்குனா ஓனருக்குப் போவும், ரெண்டு தடவ உட்டா எப்பிடியும் கூப்புடுவாங்கன்னு அவரு சொல்லி வெச்சிருந்தாரு."

"கதவைத் தொறந்து வெச்சுட்டு சாஞ்சு உக்காருங்கக்கா. நடக்காதீங்க. இதா ஆம்புலன்ஸ் அனுப்பறேன்."

ஆபீஸ் லைனில் நூற்றெட்டுக்கு அடித்து, ராசிபுரம் ரோட்டில் எந்த வளைவில் திரும்ப வேண்டும், எது வீடு என்று சொன்னாள். துக்கம் சொல்லப் போன வழி மறக்குமா! மயிலம்மாளின் லைனை மட்டும் துண்டிக்கவில்லை. இடையில் மோகன்குமார் வேறு ஆபீஸ் நம்பருக்கே அடித்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சைரன் சத்தம் ஃபோனில் கேட்கும் நேரத்தில் மயிலம்மாள் மெல்லக் கேட்டாள்.

"சாமி, வண்டி கவுந்த அன்னைக்கு விடியால அவரு ஒரு தடவ கூப்புட்டாருன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமாங்கக்கா. ஒரே ரிங். வண்டி சேந்துருச்சுன்னு இருந்துட்டோம்."

"ரெண்டாவதும் கூப்புடோணும்னு நெனச்சிருப்பாருங்களா?"

அதற்குள் அங்கே ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் ஃபோனை வாங்கி, தூக்கிக்கொண்டு கிளம்புகிறோம், பேச்சு மூச்செல்லாம் இருக்கிறது என்றார்.

தாளை எடுத்தாள். சின்னான், ஒன்று. வழக்கப்படி கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிட்டாள். அவன் எடுக்கும் வரைக்கும் அவள் மூச்சு விடவில்லை.

"ஏனுங்கக்கா, ஒரு ரிங்தானுங்க உட்டேன்? லோடு எறக்கிட்டிருக்கறாங்க."

"தெரியும். சும்மாதான் கூப்பிட்டேன்," என்றவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இன்னும் ரெண்டு வார்த்தை பேசு சின்னான்."