அணில் பாடத்தில் நான் ஏமாந்தது

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அந்த வருஷம் தை மாசக் கடைசியில், பதினாலு பிள்ளைகள் ஒரே நாளில் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றபோதும் வந்தது. ஆடியில் அப்பன் ஆத்தாளோடு ஏலக்காய் பறிக்க மலையேறியவர்கள், கூடலூர் வழியாக இறங்கி அப்போதுதான் வந்திருந்தார்கள். ஆறு மாசம் சிலேட்டைத் தொடாத கைகள். கையெல்லாம் ஏலக்காய் வாசம் வேறு. திட்டலாம் என்று வாயைத் திறந்தால் அந்த வாசத்தில் திட்டே மறந்துபோகிறது!

சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியாரும் நானும்தான். அவர் ரொம்ப யோசிக்கவில்லை.

"எல்லாத்தையும் ஒண்ணாங்கிளாசுல உக்கார வையுங்கம்மா. முதல்ல இருந்து வரட்டும்" என்றார்.

பின்னாலேயே ஒருத்தர் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். பதினாலில் ஒருத்தியின் அப்பா. அவளுக்கு ஒன்பது வயசு, துறுதுறுவென்று இருப்பாள். மலைக்குப் போகும்போது இரண்டாம் வகுப்பு.

"டீச்சரம்மா, மறுபடியும் ஒண்ணாவதுன்னா எம்மக எதுக்கு இங்கன வரணும்? அவ வயசுச் சோட்டுப் பிள்ளைகள்லாம் ஆனியில மூணாவது போகுதுக. வர்ற ஆடியில மலைக்கே வரட்டும், காய் பறிக்க ரெண்டு கையாச்சும் ஆகும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பிள்ளை என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அதை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?

பெரிய வாத்தியாரிடம் மல்லுக்கு நின்றேன். "சார், யாருக்கு என்ன தெரியும்னே பார்க்காம எப்படி உக்கார வைக்கிறது? நான் முதல்ல சோதிச்சுப் பார்க்கிறேன். காலையில மணியடிக்கிறதுக்கு முந்தி ஒரு மணி நேரம் இவுகளுக்குன்னு தனியா வகுப்பு வைக்கிறேன்" என்றேன். சரி, சோதித்ததை எழுதிக் காட்டுங்கள் என்றார்.

நோட்டில் கோடு போட்டேன். எழுத்து, சொல், வாக்கியம், கூட்டல், கழித்தல் என்று ஐந்து கட்டம். மறுநாள் காலை எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, முதல் புத்தகத்தில் அணில் பாடத்தைத் திறந்து கொடுத்தேன்.

என்ன சொல்ல! மணி மணியாக வாசித்தார்கள். "அணில் மரத்தில் ஏறும். அணில் பழம் கடிக்கும். பழம் கீழே விழும்." பதினாலு பேரும் ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்தப் பிள்ளை விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே கடகடவென்று முடித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது ஆறு மாசம் மலையில் கிடந்தும் போகவில்லை பாருங்கள் என்று பெரிய வாத்தியாரிடம் பீற்றிக்கொண்டேன். அப்படியென்றால் அவரவர் வகுப்பிலேயே இருந்து மேல்வகுப்புக்குப் போகட்டும், தனி வகுப்பெல்லாம் வேண்டாம் என்று அவரும் சொல்லிவிட்டார். அவள் அப்பா ஒரு சீப்பு மலை வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று நாள்தான் அந்தப் பெருமை. நாலாம் நாள் அந்தப் பிள்ளை தன் தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு வயசு. பள்ளிக்கூடத்துப் பக்கமே வராதது. அது தரையில் கிடந்த முதல் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அணில் மரத்தில் ஏறும், அணில் பழம் கடிக்கும்" என்று வாசிக்கிறது! புத்தகம் தலைகீழாக இருக்கிறது!

"ஏ பிள்ளே, இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

"நாங்க காய் பறிக்கையில பாடுவோம் டீச்சர். எல்லாருக்கும் வரும். வேலை வாங்குற கங்காணிக்குக்கூட வரும்" என்றாள் அக்காக்காரி.

அடிப் பாவி மகளே! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முந்தின வருஷம் "நான் சொல்லச் சொல்ல நீங்க சொல்லுங்க" என்று கோரஸாகக் கத்தவைத்தது நான்தானே. பரீட்சைக்கு வைத்ததும் அதே பாடம். அதுவும் எல்லோரையும் ஒன்றாக வைத்து, ஒருத்தன் சொல்வது அடுத்தவன் காதில் விழும்படியாக. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவள் ஆனியில் மூன்றாவதுக்குப் போய்விடுவாள். அன்று ராத்திரி முழுக்க அந்த ஆசை என்னை விடவில்லை. ஆனால் வாசிக்கத் தெரியாமல் மூன்றாவதில் உட்கார்ந்து என்ன செய்வாள்? பொம்மைமாதிரி இருப்பாள். மறுநாள் பெரிய வாத்தியாரிடம் போய் ஒத்துக்கொண்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு வாய்ப்பு தாரேன். வருஷக் கடைசியில பரீட்சை நான் வைப்பேன். பிள்ளைக கண்ணால பார்க்காத வாசகமா இருக்கணும். தேறாதவுக ஒண்ணாவதுதான்" என்றார்.

இந்தத் தடவை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மற்றவர்கள் புளியமரத்தடியில். புத்தகமே இல்லை, பலகையில் நானே புதுசாக எழுதிய சொற்கள். காய், கூடை, மழை, அட்டை. பதினாலில் நாலு பேர்தான் வாக்கியம் வாசித்தார்கள். ஐந்து பேர் சின்னச் சொல்லோடு நின்றார்கள். மற்ற ஐந்து பேருக்கு எழுத்து தெரியும், சேர்க்கத் தெரியாது. அவளும் அதில் ஒருத்தி. "கா... ய..." என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். கணக்கில் வேடிக்கை. சிலேட்டில் கழித்தல் ஒருத்தருக்கும் வரவில்லை; "பதிமூணு கூடையில அஞ்சு கூடை இறக்கிட்டா?" என்றால் எட்டு என்று வாயில் தயாராக வைத்திருந்தார்கள்!

காலைத் தனி வகுப்பில் வயசும் வகுப்பும் பார்க்காமல் மூன்று கூட்டமாகப் பிரித்தேன். எங்கே தெரியாமல் போகிறதோ அங்கேதான் ஆரம்பம். கோரஸ் கிடையவே கிடையாது. பதினைந்து நாளைக்கு ஒருதரம் புதுச் சொற்களை வைத்துப் பார்த்துக் கூட்டம் மாற்றினேன். பங்குனி பாதியில் அவள் இரண்டாவது கூட்டத்துக்கு வந்தாள், கடைசியில் வாக்கியம் வாசிக்கிற முதல் கூட்டத்துக்கும் வந்தாள்.

சித்திரையில் பரீட்சை. அவள் முறை வந்ததும் பெரிய வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இருப்பதையெல்லாம் அவள் பார்த்திருப்பாளே என்றார். வாசலில் நின்ற அவள் அப்பா மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். வரும் ஆடியில் மலையேறுவதற்குக் கங்காணி எழுதிக் கொடுத்தது.

"இதைப் படிக்கட்டும் சாமி. இதை அவ கண்டதே இல்ல."

அவள் வாங்கினாள். "ஆ... டி... ஆடி... மா... தம்..." வேர்த்துவிட்டது. ஒரு சொல்லில் நின்றாள், திரும்பப் போனாள், மறுபடி வந்தாள்.

அப்பா முகம் சுருங்கிப்போனது. "என்ன டீச்சரம்மா, முன்ன மணியா வாசிச்ச பிள்ளை! இப்பத் திக்குது. படிப்பைக் கெடுத்துட்டீகளே!"

"சும்மா இருங்கய்யா! இப்பத்தான் வாசிக்கிறா!" என்று கத்திவிட்டேன். கண்ணில் தண்ணி.

அவள் எங்களைக் கவனிக்கவே இல்லை. "ஆள்... மூன்று" என்றாள். பிறகு அப்பாவின் பேரைச் சேர்த்து வாசித்தாள். ஆத்தாளின் பேர். அடுத்த பேரில் முதல் எழுத்தைச் சொன்னாள், இரண்டாவதைச் சொன்னாள், நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

அது அவள் பேர்.

இவளும் வருவாள் என்று அவர்தான் தை மாசம் கங்காணியிடம் வாயால் சொல்லிவைத்திருக்கிறார். அது சீட்டிலும் ஏறியிருப்பது எழுத்துத் தெரியாத அவருக்கு எப்படித் தெரியும்? பெரிய வாத்தியார் மூன்றாம் வகுப்பு ரிஜிஸ்தரைத் திறந்துகொண்டார். அப்பா தலைப்பாகையை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

"நாங்க மலையில இருக்கையில அத்தை வீட்டுல இருந்துக்கிடுறியா ஆத்தா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

"அந்தப் பேரை அடிச்சிருங்க டீச்சரம்மா."

நான் அடிக்கவில்லை. பென்சிலை அவளிடம் கொடுத்தேன். எந்தப் பேர் என்று ஒருவரும் காட்டவில்லை. அவளே தேடிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நேராக ஒரு கோடு போட்டாள்.