கண்ணுக்கு ஒரு குவியல், காதுக்கு ஒரு குவியல்

வெள்ளைச்சாமி மந்தைவெளி டெப்போவில் கண்டக்டர். சங்கத்துக்குச் சந்தா கொடுப்பதில் ஒருநாளும் தவறியதில்லை. கூட்டத்துக்கு மட்டும் வரமாட்டார். கேட்டால் டூட்டி என்பார். டூட்டி இல்லாத நாளில் தூக்கம் என்பார். இரண்டும் உண்மை.

அந்த மனிதருக்கு இருந்த ஒரே ஆசை சினிமா. ஞாயிறு மாலை டிவியில் தமிழ்ப் படம் போடுவார்கள், மதியம் வேற்று மொழிப் படங்கள். வங்காளம், மலையாளம், அஸ்ஸாமியம் என்று வரும். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். அவை ஓடும் நேரத்தில் இவர் திருவான்மியூர் போகும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பார். ஆகவே ஒரு பழைய விசிஆர் வாங்கினார். தெருமுனையில் வீடியோ கேசட் கடை வைத்திருந்த ஷரஃபுதீன் பார்த்துக் கொடுத்த மெஷின் அது. டூட்டிக்குக் கிளம்பும்போது டைமர் வைத்துவிட்டுப் போவார். கரண்ட் போகாவிட்டால் படம் பதிவாகியிருக்கும்.

பதிவானதோடு சரி. ஒன்றையும் பார்க்கவில்லை. ரிடையர் ஆன பிறகு நிம்மதியாகப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தார். உழைக்கிறவனுக்கு ஓய்வைத் தள்ளிப்போடத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இவர் சினிமாவையும் தள்ளிப்போட்டார்.

தொண்ணூற்றேழில் ஒரு மாலை, படியில் தொங்கிக்கொண்டு வந்த பையனை இவர் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தால் தெரிந்தது, பக்கவாட்டில் தெரியவில்லை. கண் ஆஸ்பத்திரியில் கிளாக்கோமா என்றார்கள். போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து கொஞ்ச நாள் பிடித்து வைக்கும், எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்றார்கள். டெப்போ அவரை பஸ்ஸிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பியது.

வீட்டில் கேசட்டுகள் பீரோ உயரத்துக்கு இருந்தன. வெள்ளைச்சாமி உட்கார்ந்து பட்டியல் எழுத ஆரம்பித்தார். மொழிவாரியாக ஒன்று எழுதினார். பிறகு அகர வரிசையில் இன்னொன்று. வழியில் ஏறிய டிக்கெட் சோதனைக்காரருக்குக் கணக்குக் காட்டுவது போலக் கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதினார். மழைக்காலம் முடிந்தது. ஒரு படமும் பார்த்தபாடில்லை.

அவர் மனைவி ஜெயபாரதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"இன்னா, இன்னும் எழுதிக்கினே கீற? கண்ணு போறதுக்குள்ள எழுதி முடிச்சிடுவியா?"

"ஒழுங்கா இருந்தாதான எடுத்துப் பாக்க முடியும்?"

"ஒழுங்கா கீது. எடுக்கத்தான் ஆளக் காணோம்."

அன்று சாயங்காலமே அவள் ஷரஃபுதீனைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் கேசட் மலையைச் சுற்றிவந்து பார்த்தார். அட்டையில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"கண்டக்டரே, ஒரு கேசட்ல மூணு படமா ஏத்தி வெச்சிக்கீற?"

"லாங் பிளேல போட்டா ஆறு மணி நேரம் புடிக்குது பாய்."

"பஸ்ஸுல அடைக்கிற மாதிரி அடைச்சிட்ட. மூணாவது படத்தப் பாக்கணும்னா ரெண்டு படம் ஓட்டித் தள்ளணும். எவனுக்குப் பொறும கீது? படமும் மங்கலாத்தான் வரும்."

"அது தெரியாம போச்சு."

"என் கடையில வந்து பாரு. செவுரு பூரா கேசட். வர்றவன் அரை மணி நேரம் அண்ணாந்து பாத்துட்டு வெறுங்கையோட போவான். மேசை மேல நாலு வெச்சேன்னு வெய்யி, ஒண்ணு எடுத்துக்கினு போவான். உனுக்கு இந்த மல ஆவாது. நாலஞ்சு எடுத்து வெளிய வெய்யி. மத்தத கட்டிலுக்குக் கீழ தள்ளு. கண்ணுல படக்கூடாது."

எந்த நாலஞ்சு என்பதுதான் கேள்வி. அதற்கு வழி சொன்னவள் ஜெயபாரதி. நாள் முழுவதும் முகம் தெரியாத குரல்களோடு வேலை செய்பவள். கணவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து டிவி திரையின்மேல் போட்டாள்.

"கேசட்டப் போடு. பத்து நிமிஷம் கேளு. கத புரிஞ்சா அது காதுக்கு. அப்புறமா பாக்கலாம், எப்பவும் பாக்கலாம். புரியலன்னா கண்ணுக்கு. அத மொதல்ல பாரு."

'அப்புறமா' என்று அவள் எதைச் சொன்னாள் என்பது மூவருக்கும் தெரியும்.

அப்படியே பிரித்தார்கள். வசனம் பேசித் தள்ளும் தமிழ்ப் படங்களெல்லாம் துண்டுக்கு அடியில் தேறின. அவை கட்டிலுக்குக் கீழே போயின. பேச்சு குறைந்தவையும் வேற்று மொழிப் படங்களும் மேலே நின்றன. ஒவ்வொரு கேசட்டையும் முழுக்கப் பின்னால் ஓட்டி, மெஷினில் நாடாவோடு சேர்ந்து ஓடும் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, படம் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று அட்டையில் எழுதினார்கள். செவ்வாயும் வெள்ளியும், ஜெயபாரதி காலை ஷிஃப்ட் முடித்து வந்ததும் படம். ஒரு படம் முடிந்த உடனே அடுத்ததைச் சரியான இடத்தில் நிறுத்தி மெஷினுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். மூன்று முறை தள்ளிப்போன படம் கட்டிலுக்கடியில் போகும். புதிதாக எதையும் பதிவு செய்யக் கூடாது. இந்தக் கடைசி விதிக்கு மட்டும் அவர் முகம் சுருங்கியது. டைமர் பக்கம் கை போகும், அவள் ஒரு பார்வை பார்ப்பாள், கை திரும்பும்.

எல்லாம் வைத்து முடித்தபோது ஜெயபாரதி ஒன்றைக் கவனித்தாள். கண் குவியலின் அடியில் ஒரு வங்காளப் படம். ஒரு படகுக்காரன், ஒரு ஆறு, பனி. செய்தித்தாளில் அதைப் பற்றி வந்ததை வெட்டி அட்டைக்குள் வைத்திருந்தார். பதிவு செய்த முதல் கேசட் அதுதான். அதில் ஒரே படம்தான் இருந்தது.

"இது ஏன் அடியில கீது?"

"அது நல்ல படம். கடசீல பாக்கலாம்னு."

"கடசின்னா எப்போ?"

அவள் அதை உருவி மெஷினுக்குள் தள்ளினாள்.

"இன்னிக்கி செவ்வாக்கெழம இல்ல," என்றார் வெள்ளைச்சாமி. குரலில் கோபம் இருந்தது. "அதுக்குன்னு ஒரு நாள் வேணும். வேலையெல்லாம் முடிஞ்சி, நிம்மதியா."

"உன் வேல முடிஞ்சி போச்சிய்யா. இதுதான் அந்த நாளு."

ஆறு திரையில் வந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். பிறகு இன்னும் கொஞ்சம். படகைப் பார்த்தால் கரை போனது. கரையைப் பார்த்தால் படகு போனது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடிக்கொண்டிருந்தார். ஜெயபாரதி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியோடு அவரைப் பின்னால் இழுத்தாள். சமையலறை வாசல் வரை இழுத்தாள்.

"தூரமா போனா எப்பிடித் தெரியும்?"

"பாரு மொதல்ல."

தெரிந்தது. டிவி சின்னதாகிவிட்டது, ஆனால் ஆறு முழுதாக இருந்தது. அவருக்கு மிச்சமிருந்த பார்வைக்குள் படகும் கரையும் சேர்ந்து அடங்கின. அடியில் ஓடிய எழுத்து மட்டும் அவ்வளவு தூரத்திலிருந்து படிக்கத் தெரியவில்லை. அவள் டிவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஆங்கிலத்தைப் படித்து, தமிழில் சொன்னாள். எக்ஸ்சேஞ்சில் லைன் கொடுக்கும் அதே குரல், ஏற்ற இறக்கம் இல்லை. "வெள்ளம் வரும்ன்றான். அவ போவாதன்றா." படம் முடிந்தபின் வெள்ளைச்சாமி எழுந்திருக்கவில்லை. அவள் அடுத்த கேசட்டை எடுத்து, எண் பார்த்து நிறுத்தி, உள்ளே வைத்தாள்.

அடுத்த ஒன்றரை ஆண்டு அந்த நாற்காலி சமையலறை வாசலில்தான் கிடந்தது. போகிறவர் வருகிறவர் தாண்டித்தான் போக வேண்டும். சில செவ்வாய் தவறியது. சில படம் பாதியில் பிடிக்காமல் கடைக்குப் போனது. ஷரஃபுதீன் அதன்மேல் கல்யாண வீடியோ ஏற்றினார். கண் குவியல் மெல்ல மெல்லக் கரைந்து தரையைத் தொட்டது. கண்ணும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் கரைந்தது. குவியல் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். மருத்துவம் செய்யாததை இந்த ஏற்பாடு செய்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். போனது போனதுதான்.

தொண்ணூற்றொன்பது ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை ஜெயபாரதி ஷிஃப்ட் முடிந்து வந்தபோது, வெள்ளைச்சாமி கட்டிலுக்குக் கீழே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். ஒரு கேசட்டை எடுத்தார். அட்டையைக் கழற்றி, விரலால் பக்கம் பார்த்து, மெஷினுக்குள் தள்ளினார். பழைய தமிழ்ப் படம். வசனம் பாதியிலிருந்து ஆரம்பித்தது.

"நம்பர் பாத்து வெச்சித் தரட்டா?" என்றாள்.

"வாணாம். எங்கயிருந்து கேட்டா இன்னா."

பிறகு சமையலறை வாசலுக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போய், நாற்காலியைத் தூக்கிவந்து, டிவியின் முன்னால், முன்பு இருந்த இடத்திலேயே போட்டு உட்கார்ந்தார்.