விலைக் கட்டத்தில் நான் அழித்த சொல்

அந்த எக்செல் கோப்பை இன்றும் தினமும் திறக்கிறேன். திறக்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் வால்வும் குழாயும் விற்கிற கடை அது. விலை கேட்பவர்களுக்குக் கொட்டேஷன் போடுவது என் வேலை. பக்கத்து மேசையில் அதே வேலைக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவர். முதலாளி எடுத்துத் தரும் வேலை அனுமதியில், அதாவது பாஸில், இருந்தார், என்னை அக்கா என்பார். எங்கள் எக்செல் கோப்பைக் கட்டியவர் அவர்தான். பொருளின் குறியீட்டைத் தட்டினால் போதும், விலைப்பட்டியல் பக்கத்தில் அதைத் தேடி விலையைத் தானாக எடுத்து வந்து போட்டுவிடும். பில்லுக்கும் அதே சூத்திரம். சூத்திரத்தின் கடைசியில் ஃபால்ஸ் என்று ஒரு சொல் வைத்திருந்தார். அதே குறியீடு அச்சு அசலாகப் பட்டியலில் இருந்தால்தான் விலை வரும், இல்லாவிட்டால் #N/A என்று காட்டும்.

ஒருநாள் அந்த #N/A அப்படியே ஒரு வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. அவர் போனில் சிரித்தாராம். முதலாளிக்கு மானம் போயிற்று. தம்பி அப்போது மகளின் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்தார்.

"அந்த அசிங்கம் இனிமே வரக்கூடாது. எப்படியாவது எடுத்துடுங்க லா," என்றார் முதலாளி என்னிடம்.

நோண்டிப் பார்த்தேன். கடைசியில் இருந்த ஃபால்ஸை அழித்தேன். #N/A எல்லாம் மாயமாய் மறைந்தது, எல்லாக் கட்டத்திலும் விலை நின்றது. பட்டியலிலேயே இல்லாத பொருளுக்கு எங்கிருந்து விலை வந்தது என்று ஒரு கணம் உறுத்தியது. கேட்டேனா? இல்லை. முதலாளி "சூப்பர்" என்றார், எனக்கும் உச்சி குளிர்ந்தது. நல்ல பிழைப்பு.

விலை எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அந்தச் சொல் இல்லாவிட்டால், குறியீடு கிடைக்காதபோது வரிசையில் அதற்கு முந்தைய குறியீட்டின் விலையைச் சூத்திரம் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். BV-25 பித்தளை வால்வு. புதிதாக வந்திருந்த BV-25S அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதை முதலாளி பட்டியலில் இன்னும் ஏற்றவில்லை. பொருளின் பெயரை வாடிக்கையாளர் கேட்ட சொல்லிலேயே கையால் எழுதுவது எங்கள் கடை வழக்கம். அதனால் பெயர் ஸ்டீலாகவும் விலை பித்தளைக்கு உரியதாகவும் ஓர் ஒப்பந்தக்காரருக்குக் கொட்டேஷன் போயிற்று. ஊரிலிருந்து திரும்பிய தம்பிதான் அதைப் போட்டார். நாற்பது வால்வுகள். ஒப்பந்தக்காரர் உடனே ஆர்டர் கொடுத்தார், சரக்கும் போயிற்று, பில்லும் அதே விலையில் போயிற்று. நஷ்டம் தெரிந்து முதலாளி மீதிப் பணத்தைக் கேட்டபோது, தவறு யாருடையது என்று ஒப்பந்தக்காரர் திருப்பிக் கேட்டார்.

முதலாளி தம்பியின் மேசை முன் வந்து நின்றார். "உன் ஷீட்டு. நீ போட்ட கொட்டேஷன். பாஸ் ரினியூவல் பத்தி நான் யோசிக்கணும்."

அந்த பாஸை நம்பித்தான் தம்பி ஊரில் வீட்டுக் கடன் வாங்கியிருந்தார். மத்தியானம் முதலாளியின் அறைக்குப் போனேன்.

"அண்ணே, நீங்க சொன்னீங்கன்னு நான்தான் அந்த ஃபார்முலாவ மாத்தினேன்."

"தெரியும்," என்றார், தேநீரை ஆற்றியபடி. "வெளிய சொல்லாதீங்க. ஒப்பந்தக்காரர்கிட்ட யாரையாவது காட்டியாகணும்ல."

அந்த நாள்களில் போன மற்ற பில்களையும் பார்த்திருந்தேன். சிலவற்றில் இதே தவறால் விலை ஏறியும் போயிருந்தது. அதையும் சொன்னேன்.

"அவங்க யாராச்சும் கேட்டாங்களா? அத தொடாதீங்க."

சீ என்று வந்தது. என்ன மனுஷன் இவர் என்று நினைத்துக்கொண்டே, சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவருக்காவது வெட்கம் கிடையாது. எனக்கு இருந்தும் என்ன பயன்?

முதலாளி பாஸைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் தம்பி கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"அக்கா, இதுல ஃபால்ஸ் இல்லையே. யாரு எடுத்தாங்கன்னு தெரியுமா?"

"தெரியலையே தம்பி," என்றேன்.

"சரிக்கா," என்றார். பிறகு ஒவ்வொரு கட்டமாகச் சரிசெய்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் கோப்பைத் திறந்தேன். விலைக் கட்டத்தின் மூலையில் சின்னச் சிவப்பு முக்கோணம், யாரோ குறிப்பு வைத்திருக்கும் அடையாளம். சுட்டியை அதன்மேல் கொண்டுபோனேன். இரண்டே வரி.

"அக்கா, கடைசியில் இருக்கும் ஃபால்ஸை இனிமேல் அழிக்காதீங்க.
#N/A வந்தால் வரட்டும்."