ஒரு தொலைபேசி எண்ணில் நான்கு பேர்

நடந்தது இந்த வரிசையில்:

1. மாத்தளை நகரில் நான் வேலை செய்யும் தனியார் மருத்துவ நிலையத்தில் மூன்று மென்பொருட்கள் இருந்தன: முன்பதிவுக்கு ஒன்று, ஆய்வுகூடத்துக்கு ஒன்று, மருந்து கொடுக்கும் பாமசிக்கு ஒன்று. மூன்றும் தனித்தனியாக வாடிக்கையாளர் பட்டியல் வைத்திருந்தன.
2. ஒருவர் முகவரி மாறினால் மூன்று இடத்தில் திருத்த வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே மையப் பதிவேடு போதும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். நிர்வாகம் சம்மதித்தது.
3. தொலைபேசி எண்ணும் பெயரும் பொருந்தினால் ஒரே ஆள் என்று விதி எழுதி, மூன்று பட்டியலையும் இணைத்தேன்.
4. பாமசியின் பழைய பட்டியலை மூடச் சொன்னேன். அங்குள்ள மருந்தாளர் மூடவில்லை.

நான்காவதற்காக நான் அவர்மேல் கோபமாக இருந்தேன். ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கு. கேட்கும்போதெல்லாம், "நாளைக்கு மூடுறேன், கம்ப்யூட்டர் மிஸ். நாளைக்கும் ஒரு நாள்தானே," என்று சிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை என்னைக் கீழே கூப்பிட்டார். யட்டவத்தப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து தொண்டை வலியோடு வந்த பெண் பாமசி ஜன்னலில் நின்றிருந்தார். டொக்டர் அமொக்சிசிலின் எழுதியிருந்தார். அது பெனிசிலின் வகை. திரையில் என் மையப் பதிவேடு அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே 'ஒவ்வாமை: இல்லை' என்று காட்டியது.

"இத பாருங்க," என்று மருந்தாளர் பக்கத்தில் பழைய பட்டியலைத் திறந்தார். அதே தொலைபேசி எண். அதன்கீழ், பெனிசிலின் கூடாது என்ற குறிப்பு. ஆனால் பதிவில் இருந்தது வேறொரு பெயர்.

"அது யாரு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"அண்ணிங்க. டவுனுக்கு அதுதான் வரும். லயத்து வீடுகள்ல எங்க எல்லாருக்கும் மருந்து அதுதான் வாங்கிட்டு வரும். போனும் அதுகிட்டதான். இன்னைக்கு அதுக்குக் கால் வீக்கம், அதான் நானே வந்தேன்."

"பெனிசிலின் ஒத்துக்காதது அண்ணிக்கா, ஒங்களுக்கா?"

"எனக்குத்தாங்க. அந்த மாத்திரையப் போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாமப் போச்சு. அதுக்கப்புறம் அண்ணிதான் இங்க வந்து சொல்லிச்சு."

மருந்தாளர் என்னைப் பார்த்தார். "இந்த நம்பர்ல நாலு பேர் இரிக்காங்க, மிஸ். எனக்கு கஸ்டமர்னா வாங்க வாறவங்க. ஒங்களுக்கு மருந்து குடிக்கிறவங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா வீக்கம் யாருக்கு வரும்?"

டொக்டர் வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண், "டவுனுக்கு வந்தது நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். ஒரு பிழையைத் திருத்திக் கொடுத்தோம் என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை.

என் பிழைகள் இரண்டு. வாங்க வந்தவரின் பதிவில் இருந்த குறிப்பை வாங்க வந்தவருக்கே உரியதாக எடுத்துக்கொண்டேன். குறிப்பு எதுவும் இல்லாத இடத்தில், 'தெரியாது' என்று இருக்க வேண்டியதை 'இல்லை' என்று நிரப்பினேன். இரண்டாவதுதான் எனக்கு இன்னமும் கூச்சம் தருகிறது. கேட்காமலே பதில் எழுதியிருந்தேன்.

அன்று மாலை முகாமையாளர், "அப்ப பழையபடி ஆளாளுக்கு ஒரு பட்டியலா?" என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். முந்திக்கொண்டது மருந்தாளர்தான்.

"வேணாம் சேர். போன மாசம், இணைக்க முந்தி, லெப்ல ஒராளுக்கு ரெண்டு பதிவு. பழைய ரிப்போர்ட் டொக்டருக்குப் போகவே இல்ல. மிஸ் செஞ்சது தேவையான வேல. ஆள் யாருன்னு அந்த மையப் பதிவேடு வெச்சுக்கட்டும். ஒவ்வாமைய என்கிட்ட விடுங்க."

எனக்கு எதிராகப் பேச அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் பேசியது என் வேலைக்காக. அதை நான் மறக்கவில்லை.

அடுத்த வாரங்களில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதை மாற்றினோம். நான் விதியைச் சொல்வேன். அது எங்கே உடையும் என்று அவர் சொல்வார். பெரும்பாலும் உடைந்தது. இடையில் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த வட்டிலப்ப இனிப்பில் பெரிய பங்கு எனக்குத்தான் வந்தது.

இப்போது மையப் பதிவேடு ஆள் யார் என்பதை மட்டும் வைத்திருக்கிறது: பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை எண், மூன்று மென்பொருட்களிலும் அவருக்குள்ள எண்கள். ஒவ்வாமை பாமசிக்குச் சொந்தம். பரிசோதனை முடிவு ஆய்வுகூடத்துக்கு. மற்றவர்கள் அவற்றைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. மருந்து வாங்குபவரும் குடிப்பவரும் வெவ்வேறு பதிவுகள். இருவருக்கும் இடையே ஓர் இணைப்பு. சந்தேகமான பொருத்தங்களை மென்பொருள் சேர்ப்பதில்லை. தினமும் காலையில் நாங்கள் இருவரும் பார்த்துத் தீர்க்கிறோம். எங்கள் நிலையத்தின் கலேவெல கிளை இன்னும் இதில் இணையவில்லை. யட்டவத்தப் பெண்ணின் பெனிசிலின் குறிப்பு அவருடைய சொந்தப் பெயரில் இருக்கிறது. அவருடைய அண்ணியின் பதிவில் 'தெரியாது' என்று இருக்கிறது. அவர் அடுத்த முறை வரும்போது கேட்க வேண்டும்.