முதல் வரியில் கேட்ட மன்னிப்பு

கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதணும்னா ஜெயங்கொண்டத்துல எங்க தெருவே என்னைத்தான் தேடி வரும். பட்டா மாறணுமா, ஓய்வூதியம் நின்னு போச்சா, நான் எழுதினா நடக்கும்னு ஒரு பேச்சு. அந்தத் திமிர்தான் எங்க அண்ணனைக் கவுத்துச்சு.

அண்ணனுக்கு முந்திரி உடைக்கிற ஆலை. இருபது பொம்பளைங்க வேலை செய்யறாங்க. இந்தப் பக்கத்துக் கொட்டை வருஷம் பூராவும் காணாதுன்னு ஆப்பிரிக்காவுலேர்ந்து கன்டெய்னர் பெட்டியில வரவழைப்பார். தூத்துக்குடியில இறங்கும். ஆபீஸ் கடுதாசி, மெயில் எல்லாம் என் பொறுப்பு.

கப்பல்லேர்ந்து பெட்டி இறங்கின நாள்லேர்ந்து பதினாலு நாள் கெடு. அதுக்குள்ள சரக்கை எடுத்துட்டு, காலிப் பெட்டியைக் கப்பல் கம்பெனி சொல்ற யார்டுல விட்டுடணும். தவறினா நாளுக்கு இவ்வளவுன்னு டிடென்ஷன், அதாவது தாமத அபராதம் போடுவான். அந்தத் தடவை மழையில கப்பலெல்லாம் ஒண்ணா வந்து சேர, துறைமுகமே அடைச்சுப் போச்சு. எங்க பெட்டி வெளியே வரவே பன்னெண்டு நாள். ஊருக்கு வந்த அன்னிக்கே மூட்டையை இறக்கி, ராத்திரியோட லாரியைத் திருப்பி அனுப்பினோம். யார்டு வாசல்ல 'இடமில்லை, அப்புறம் வா'ன்னுட்டான். டிரைவர் ஒம்பது நாள் ரோட்டோரம் சோறு பொங்கித் தின்னுக்கிட்டு கெடந்தார். அந்த ஒம்பது நாளையும் சேர்த்து பில்லு வந்துச்சு. வாங்க மாட்டேன்னவனும் அவன், ஏன் தரலைன்னு காசு கேக்கறவனும் அவன். அநியாயத்துக்கு ஒரு அளவு வேணாமா?

தூத்துக்குடியில எங்க சரக்கைத் துறைமுகத்துலேர்ந்து எடுத்துக் குடுக்கற கிளியரிங் ஏஜென்ட் தம்பி போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னான். "யக்கா, நெரிசல்னு துறைமுகம் போட்ட அறிவிப்பு, லாரி டோக்கன், யார்டுல திருப்பி அனுப்பின சீட்டு, எல்லாத்தையும் நாள்வாரியா அடுக்குங்க. இந்த பில்லு எங்களுது இல்லைன்னு எழுதுங்க. சலுகை கேக்காதீங்க."

அடுக்கினேன். டிரைவர் சட்டைப் பையில கசங்கிக் கெடந்த சீட்டைக்கூட நீவி நீவி படம் எடுத்துச் சேர்த்தேன். ஒண்ணு விட்டுப் போகலை. ஆனா கடுதாசியை என் வழக்கப்படிதான் ஆரம்பிச்சேன். மனுன்னா முதல்ல குனியணும், அதிகாரி மனசு இளகணும். 'எங்கள் தரப்பில் ஏற்பட்ட தாமதத்தைப் பொறுத்து மன்னித்து, கருணையுடன் தள்ளுபடி செய்ய வேண்டுகிறேன்'. இங்கிலீஷ்ல இன்னும் பவ்யமா இருந்துச்சு. ரெண்டு தடவை படிச்சுப் பாத்து எனக்கே பெருமை. தம்பிக்குக் காட்டாமலே அனுப்பிட்டேன்.

மறுபடியும் எழுதி, மறுபடியும் எழுதி, ஒரு வழியா பதில் வந்துச்சு. 'தாமதம் உங்கள் தரப்பில் என்று நீங்களே ஒப்புக்கொண்டிருப்பதால் ஆதாரங்களைப் பரிசீலிக்கத் தேவை எழவில்லை. நல்லெண்ண அடிப்படையில் பத்து சதவீதம் குறைக்கிறோம்.' அடப்பாவிகளா! மேசையை ஓங்கி அடிச்சதுல டம்ளர் உருண்டு டீ பூராவும் சீட்டு மேல. நெரிசல்ங்கற வார்த்தையே அந்தப் பதில்ல இல்லை.

தம்பி போன்ல கத்தினான். "செய்யாத தப்புக்கு ஏன்க்கா மன்னிப்பு கேட்டீங்க?"

"அது ஒரு மரியாதைக்குப்பா..."

"மரியாதையா? ஒப்புதல் வாக்குமூலம்க்கா அது."

அந்த மன்னிப்பு வெறும் மரியாதை வார்த்தைன்னு விளக்கி நாலு மெயில் போட்டேன். 'இவ்விஷயம் முடிக்கப்பட்டது'ன்னு ஒரே வரி. இதுக்குள்ள அடுத்த பெட்டியும் அதே கம்பெனி கப்பல்ல வந்து இறங்கிடுச்சு. பழைய பாக்கி தீராம சரக்கை விடுவிக்கிற கடுதாசி தர மாட்டோம்னுட்டான். ஆலையில உடைக்கக் கொட்டை இல்லை. பொம்பளைங்க காலையில வந்து வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பினாங்க. அண்ணன் ஒரு வார்த்தை என்னைத் திட்டலை. திட்டியிருந்தா தேவலாம். அண்ணி வளையலை அடகு வெச்சு மொத்தத்தையும் கட்டினார்.

பெட்டி ஊருக்கு வந்து கதவைத் தொறந்ததுமே புளிச்ச வாடை. அத்தனை நாள் மூடிக் கெடந்ததுல உள்ள வேர்த்து, மேல்வரிசை மூட்டையெல்லாம் பூஞ்சை. அண்ணன் ஒரு மூட்டையைக் கிழிச்சு, கறுத்த கொட்டையை ஒரு கை அள்ளி என் முன்னாடி நீட்டினார்.

"இதுக்கு யார்கிட்ட பாப்பா மன்னிப்பு கேட்டு எழுதப் போற?"

சுத்தி இருபது பொம்பளைங்களும் நின்னாங்க. நான் அண்ணன்கிட்டதான் மன்னிப்பு கேட்டிருக்கணும். குனிஞ்சு, கிழிஞ்ச மூட்டையிலேர்ந்து நல்ல கொட்டையைத் தனியா பொறுக்க ஆரம்பிச்சேன்.